கல்யாண வீடியோ எடிட்டிங்: எந்த வருமானத்தில் எதை வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் வீட்டு மாடியில் உட்கார்ந்து, ஸ்டுடியோக்களுக்குக் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கிறேன். களியக்காவிளையில் இருந்து ஆரல்வாய்மொழி வரை இதே வேலையைச் செய்யும் தம்பி தங்கைகள் போன் செய்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: அடுத்து என்ன வாங்குவது? தனித்தனியாகப் பதில் சொன்னதையெல்லாம் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். ரூபாய்க் கணக்குகள் அந்தந்த நேரத்தில் கொடுத்த விலை. வாங்கப் போகும் நாளில் கடையில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணா, இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன். கையில ஒரு பழைய லேப்டாப் இருக்கு. முதல்ல என்ன வாங்கணும்?

ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். அதைத் தவிர முதல் மூன்று கல்யாணம் முடியும்வரை எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் லேப்டாப் மெதுவாக இருந்தால் வேலை இரண்டு நாள் தாமதமாகும், அவ்வளவுதான். ஸ்டுடியோக்காரர் கொடுத்த பதிவு அழிந்துபோனால் அந்தத் தாலிகட்டை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே முதல் பணம் பதிவைக் காப்பாற்றுவதற்குப் போக வேண்டும்.

அந்த மூன்று கல்யாணத்தையும் செய்யும்போது பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் எத்தனை நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தீர்கள் என்று குறியுங்கள். பதிவை நகலெடுக்க நாற்பது நிமிடம், டைம்லைன் நின்று நின்று ஓடியதில் இரண்டு மணி நேரம், இப்படி. எக்ஸ்போர்ட் ஓடும் நேரத்தைத் தனியாக எழுதுங்கள். அதை ராத்திரி படுக்கப் போகும்போது ஓட விடலாம் என்பதால், மூன்று மணி நேரம் ஓடினாலும் உங்களுக்கு நட்டமில்லை. நீங்கள் விழித்திருந்து காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும் பொருளுக்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

சீசன்ல நாப்பதாயிரம் வரும், சில மாசம் நாலாயிரம்கூட வராது. நான் எந்த வருமானப் படியில இருக்கேன்னு எப்படிக் கணக்குப் போடுறது?

பன்னிரண்டு மாத வரவை எழுதி, அதிகமாக வந்த இரண்டு மாதத்தை அடித்துவிட்டு, மீதிப் பத்து மாதத்துக்குச் சராசரி பாருங்கள். அந்தத் தொகைதான் உங்கள் படி. நம் மாவட்டத்தில் இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம். ஆடியிலும் மார்கழியிலும் இந்து வீட்டுக் கல்யாணம் இருக்காது. தவக்காலத்தில் கிறிஸ்தவ வீட்டுக் கல்யாணம் அநேகமாக நின்றுவிடும். ஆவணியிலும் தையிலும் வரும் பணத்தைப் பார்த்து மாதத் தவணைக்கு ஒப்புக்கொண்டவர்கள் தவக்காலத்தில் நகையை அடகு வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சராசரி பதினைந்தாயிரத்துக்குக் கீழே என்றால், இருப்பதைச் சரிசெய்து ஓட்டும் படி. பதினைந்திலிருந்து நாற்பதாயிரம் வரை என்றால், ஒவ்வொரு தடையாக நீக்கும் படி: சேமிப்பகம், மின்சாரம், நல்ல மானிட்டர், முதுகைத் தாங்கும் நாற்காலி. நாற்பதாயிரம் தாண்டி ஆறு மாதம் நிலைத்தால் புது மெஷினைப் பற்றி யோசிக்கலாம். வரும் ஒவ்வொரு தொகையிலும் பத்துக்கு ஒன்று என்று தனிக் கணக்கில் போட்டுவையுங்கள். கருவி வாங்குவது அந்தக் கணக்கிலிருந்து மட்டும்தான். வீட்டுச் செலவு அதைத் தொடக் கூடாது, கருவிச் செலவும் வீட்டுப் பணத்தைத் தொடக் கூடாது.

4கே புட்டேஜ் போட்டா லேப்டாப் திணறுது. புது லேப்டாப் வாங்கியே ஆகணும்லா?

முதலில் எது திணறுகிறது என்று பாருங்கள். டைம்லைனை ஓடவிட்டு Ctrl, Shift, Esc மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். Disk நூறு சதவீதத்தில் நின்றால் ஹார்ட் டிஸ்க்தான் தடை. Memory தொண்ணூறைத் தாண்டினால் ராம் போதவில்லை. இரண்டும் சும்மா இருக்க CPU மட்டும் நூறில் நின்றால், வீடியோவைப் பிரித்துப் படிக்கவே செயலிக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம்.

மார்த்தாண்டம் பக்கத்துத் தம்பி ஒருவர் 2023-இல் இதே கேள்வியோடு வந்தார். மாதம் நாலு கல்யாணம், ஒன்றுக்கு ஐயாயிரம். ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு லேப்டாப் பார்த்து வைத்திருந்தார், இரண்டு வருடத் தவணை. அவருடைய லேப்டாப்பில் 8 ஜிபி ராம், சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். டாஸ்க் மேனேஜரில் இரண்டுமே முட்டி நின்றன. பின்மூடியைத் திறந்து பார்த்தோம். ராமுக்கு ஒரு இடம் காலியாக இருந்தது. இன்னொரு 8 ஜிபி ராமும் 1 டிபி எஸ்எஸ்டியும் போட்டதில் ஏழாயிரத்துச் சொச்சம்தான் ஆனது.

அதோடு பிராக்சி பழக்கத்தையும் சொல்லிக்கொடுத்தேன். ராத்திரியில் எல்லா கிளிப்புக்கும் சிறிய நகல் உருவாக்க விட்டுவிட்டு, பகலில் அந்த நகலை வைத்து வெட்டி ஒட்டுவது. டாவின்சி ரிசால்வில் கிளிப்புகளைத் தேர்ந்து வலது கிளிக் செய்தால் Generate Proxy Media என்று வரும். எக்ஸ்போர்ட் மூலப் பதிவிலிருந்துதான் போக வேண்டும். Deliver பக்கத்தில் Use proxy media என்பதில் டிக் விழுந்திருந்தால் சிறிய நகலே வெளியே போகும். போனில் பார்த்தால் தெரியாது, பெரிய டிவியில் போட்டால் முகம் மங்கலாக இருக்கும். அந்தத் தம்பிக்கு ஒரு கல்யாணத்துக்கு ஐந்து நாள் ஆனது மூன்றரை நாளானது. மாதம் ஒரு கல்யாணம் கூடுதலாக எடுக்க முடிந்தது. போட்ட காசு இரண்டு மாதத்துக்குள் வந்துவிட்டது. புது மெஷினை அவர் அடுத்த ஆண்டு ரொக்கமாக வாங்கினார்.

ஒரு எச்சரிக்கை. மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ராம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்றவோ கூட்டவோ முடியாது. மாடல் எண்ணைச் சொல்லிக் கடையில் கேட்டுவிட்டு ராம் வாங்குங்கள்.

ஹார்ட் டிஸ்க் எத்தனை வேணும்? எவ்வளவு பெரிசு?

கணக்கு போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். பல கேமராக்கள் 4கே பதிவை நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எழுதுகின்றன. எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, ஒவ்வொன்றும் ஐந்து மணி நேரம் என்றால் ஒரு கல்யாணம் 450 ஜிபி. 4 டிபி டிஸ்க்கில், பிராக்சிக்கும் கொஞ்சம் இடம் விட்டால், ஏழு கல்யாணம் பிடிக்கும். உங்கள் ஸ்டுடியோவின் கேமரா எந்த வேகத்தில் எழுதுகிறது என்று கேட்டு இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வேலை முடியும்வரை பதிவு இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். ஸ்டுடியோ தன் நகலை வைத்திருந்தால் அதையும் ஒன்றாகக் கணக்கிடலாம். ஆனால் "நான் சொல்லும்வரை கார்டையும் டிஸ்க்கையும் அழிக்காதீர்கள்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி, அவர்கள் சரி என்று பதில் போட்ட பிறகுதான். நான் தொழில் தொடங்கிய இரண்டாம் வருடம் அப்படிக் கேட்காமல் இருந்துவிட்டேன். ஒரே டிஸ்க் மேசையிலிருந்து விழுந்தது. ஸ்டுடியோவில் கார்டை அன்றே அழித்து அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மீட்டுத் தருபவரிடம் கொடுத்து, பாதிதான் திரும்பி வந்தது. பெண்ணின் அப்பா ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை. அது இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது.

டிஸ்க் வாங்கும் செலவைக் குறைக்க ஒரு வழி, வைத்திருக்கும் காலத்தை முதலிலேயே பேசிக்கொள்வது. ஒப்படைத்து அறுபது நாள் வரை வைத்திருப்பேன், அதற்குப் பிறகு அழிப்பேன் என்று சொல்லிவிடுங்கள். அழிக்கும் முன் ஒரு செய்தி போடுங்கள். எடிட் செய்ய எஸ்எஸ்டி, அடுக்கி வைக்கச் சுழலும் டிஸ்க் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் அலமாரியில் கிடப்பதற்கு எஸ்எஸ்டி ஏற்றதல்ல. குளச்சல், முட்டம் போல கடலோரத்தில் வீடு இருந்தால் டிஸ்க்குகளை மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். உப்புக் காற்றில் யுஎஸ்பி முனைகள் பச்சை பிடித்துவிடும், டிஸ்க் இடையிடையே துண்டித்துத் துண்டித்து வரும்.

ஆபீஸ்ல கழிச்ச லேப்டாப் பதினெட்டாயிரத்துக்குக் கிடைக்கு. நம்பி வாங்கலாமா?

பதினைந்தாயிரம் படியில் இருப்பவருக்கு இதுதான் நல்ல வழி. மூன்று விஷயத்தைக் கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

முதலில் செயலியின் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 முறையாக ஓட, இன்டெல்லில் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். i7 என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். i7-6600 என்றால் 6-ஆம் தலைமுறை, வேண்டாம். i5-8350 என்றால் 8-ஆம் தலைமுறை, எடுக்கலாம். 11-ஆம் தலைமுறை கிடைத்தால் இரண்டாயிரம் கூடக் கொடுத்தும் எடுங்கள். ஏன் என்று கிராபிக்ஸ் கார்டு கேள்வியில் சொல்கிறேன்.

இரண்டாவது பேட்டரி. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து இதை அடித்தால் ஒரு அறிக்கை கோப்பாக வரும்:

```
powercfg /batteryreport
```

அதில் DESIGN CAPACITY என்பதோடு FULL CHARGE CAPACITY என்பதை ஒப்பிடுங்கள். பாதிக்குக் கீழே இருந்தால் புது பேட்டரி விலையைக் குறைத்துத் தரச் சொல்லுங்கள். மூன்றாவது, தொடங்கும்போது F2 அல்லது அந்த மாடலுக்கு உரிய விசையை அழுத்தி பயாஸுக்குள் போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் வாங்காதீர்கள். பழைய கம்பெனியின் பூட்டு இன்னும் அதில் இருக்கிறது.

அடிக்கடி கரண்டு போகுது. யுபிஎஸ் வாங்கணுமா, வீட்டு இன்வெர்ட்டர் போதுமா?

லேப்டாப் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை பாதிதான். பேட்டரியே யுபிஎஸ். முதல் இரண்டு படியில் நான் டெஸ்க்டாப்பை விட லேப்டாப்பைச் சொல்வதற்கு இதுவே காரணம். ரவுட்டருக்கு மட்டும் 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கினால் கரண்டு போனாலும் கோப்பு அனுப்பிக்கொண்டிருக்கலாம்.

டெஸ்க்டாப் என்றால் கவனமாக இருங்கள். கிராபிக்ஸ் கார்டு போட்ட மெஷின் ரெண்டர் ஓடும்போது 300 வாட் வரை இழுக்கும். 600 விஏ யுபிஎஸ் தாங்குவதே ஏறக்குறைய 360 வாட். சேமித்துவிட்டு அணைக்க சில நிமிடம் கிடைக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்ட நினைத்தால் அது சைன் வேவ் வகையா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் வகையில் பல கம்ப்யூட்டர் பவர் சப்ளைகள் அப்படியே அணைந்துவிடும். சில இன்வெர்ட்டரின் பின்னால் யுபிஎஸ் மோடுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் மாறும் நேரம் குறைந்து, மெஷின் ரீஸ்டார்ட் ஆகாது. பத்து பேரில் ஏழெட்டுப் பேர் அந்தச் சுவிட்ச் இருப்பதையே கவனித்திருக்க மாட்டார்கள்.

இடி மின்னல் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது, ரவுட்டரிலிருந்து வரும் நெட்வொர்க் கேபிளையும் கழற்றுங்கள். எனக்குத் தெரிந்து போன போர்டுகளில் பாதி அந்தக் கேபிள் வழியாகப் போனவை. ஐப்பசி கார்த்திகையிலும் கோடை மழையிலும் இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் தெருவில் பல நாள் மின்சாரமே இல்லை. அப்போது எந்த யுபிஎஸ்ஸும் உதவவில்லை. டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு திருவனந்தபுரத்தில் நண்பர் வீட்டுக்குப் பஸ் ஏறியதுதான் வேலையைக் காப்பாற்றியது. அதற்குப் பிறகு, வேலை முழுவதையும் எடுத்துப்போகக்கூடிய ஒரு டிஸ்க்கில் வைத்திருப்பது என் வழக்கம்.

எல்லாரும் கிராக் சாஃப்ட்வேர்தான் போடுறாங்க. காசு குடுத்து ஏன் வாங்கணும்?

கிராக் வேண்டாம், முதல் படியில் காசும் வேண்டாம். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே 4கே யுஎச்டி அளவு வரை வாட்டர்மார்க் இல்லாமல் எக்ஸ்போர்ட் செய்யலாம். அதற்கு 16 ஜிபி ராம் வேண்டும். 8 ஜிபிதான் இருக்கிறது என்றால் ஷாட்கட் அல்லது கேடென்லைவ் போடுங்கள், இரண்டும் இலவசம். கிராக் கோப்பை ஓடவிடச் சொல்லும்போதே ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அணைத்த மெஷினில் இரண்டு குடும்பத்தின் கல்யாணப் பதிவு கிடக்கிறது. கோப்பு முழுவதையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் இந்த வழியாகத்தான் நுழையும்.

தமிழில் தலைப்பு போடுகிறவர்கள், எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும் முதல் நாளே "கோட்டாறு", "கொல்லங்கோடு" என்று அடித்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தால் அந்த மென்பொருளின் எழுத்து வசதி தமிழுக்குச் சரியாக அமையவில்லை. பிரீமியர் புரோவில் Preferences, Graphics போய் South Asian and Middle Eastern என்று மாற்றினால் சரியாகும். வேறு மென்பொருளில் சரிவரவில்லை என்றால் இலவச இங்க்ஸ்கேப்பில் தலைப்பை அடித்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து டைம்லைனில் வையுங்கள். அழைப்பிதழில் மாப்பிள்ளை ஊர் பெயர் தப்பாக விழுந்தால் எவ்வளவு வருத்தப்படுவார்களோ, வீடியோவிலும் அவ்வளவுதான்.

அப்ப எந்தப் படியில சாஃப்ட்வேருக்குக் காசு குடுக்கணும்? மாசச் சந்தாவா, ஒரே தடவையா?

காசு கொடுக்க ஒரு காரணம் நோட்டில் எழுதியிருக்க வேண்டும். எனக்கு அந்தக் காரணம் இரவு வரவேற்பு. மண்டபத்து மங்கலான வெளிச்சத்தில் எடுத்த பதிவில் புள்ளி புள்ளியாக இரைச்சல். அதை நன்றாக நீக்கும் வசதி ரிசால்வின் ஸ்டுடியோ பதிப்பில்தான் இருக்கிறது. அது 295 டாலர், ஒரே தடவை. இரண்டாம் படியின் நடுவில், தனிக் கணக்கில் பணம் சேர்ந்த பிறகு வாங்கினேன். வரவு ஏறி இறங்கும் நம் தொழிலுக்கு ஒரே தடவை கொடுப்பதுதான் நிம்மதி.

சந்தா வேண்டியிருப்பது ஒரே சந்தர்ப்பத்தில்: ஸ்டுடியோ பிரீமியர் புரோவின் திட்டக் கோப்பையே கேட்கும்போது. அப்போதும் அந்தச் செலவை விலையில் சேர்த்துச் சொல்லுங்கள். அடோபியில் ஆண்டு ஒப்பந்தத்தை மாதத் தவணையாகக் கட்டும் திட்டம் மாதச் சந்தாவைப் போலவே தோன்றும். பதினான்கு நாளுக்குப் பிறகு நடுவில் நிறுத்தினால் மீதி மாதங்களின் தொகையில் பாதியைக் கேட்பார்கள். இரண்டு மாத வேலைக்கு என்றால் விலை கூடினாலும் உண்மையான மாதச் சந்தாவை எடுப்பதுதான் லாபம்.

எம்மவன் ஒரு லட்சத்துக்கு கம்ப்யூட்டர் கேக்கான். வட்டியில்லாத் தவணைன்னு சொல்லுகான். எடுத்துக் குடுக்கலாமா?

அம்மா, முதலில் மகனிடம் இரண்டாவது கேள்வியில் சொன்ன பத்து மாதச் சராசரியைக் கேளுங்கள். சராசரி இருபதாயிரம், தவணை ஒன்பதாயிரம் என்றால், மார்கழியிலோ தவக்காலத்திலோ அந்த ஒன்பதாயிரம் உங்கள் கையிலிருந்துதான் போகும். என் அளவுகோல் இதுதான்: மூன்று மாதத் தவணைக்கான பணம் முன்கூட்டியே வங்கியில் இருக்க வேண்டும், ஒரு மாதத் தவணை அந்தச் சராசரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இரண்டும் இல்லையென்றால் இப்போது வேண்டாம்.

வட்டியில்லை என்பதையும் பில்லில் பாருங்கள். ரொக்கமாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடி தவணையில் கிடைக்காமல் போகலாம். கிரெடிட் கார்டு தவணையில் செயலாக்கக் கட்டணமும், வட்டிப் பகுதிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டியும் சேரும். ஓணத் தள்ளுபடிக்குத் திருவனந்தபுரம் போய் வாங்கினால், வாரன்டி வேலைக்கு ஆள் உங்கள் பின்கோடுக்கு வீடு தேடி வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சீசன் நடுவில் மெஷின் ஒரு வாரம் பழுதுபார்க்கும் இடத்தில் கிடந்தால் தள்ளுபடியில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

நாப்பதாயிரம் தாண்டியாச்சு. பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்டா எல்லாம் பறக்கும்லா?

எப்போதும் இல்லை. இந்தப் படியில் பெரிய பணம் வீணாவது இங்கேதான். புதிய கேமராக்கள் பல, எச்.265 வடிவில், 10 பிட், 4:2:2 என்ற வண்ண அளவில் பதிவு செய்கின்றன. நிறம் திருத்த நல்லது, ஆனால் அதைப் பிரித்துப் படிப்பது கடினம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகளில் இந்த வடிவைப் பிரித்துப் படிக்கும் வன்பொருள் இல்லை. ஆனால் இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் செயலிக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் அதைச் செய்கிறது. ஆப்பிளின் எம் வரிசைச் சிப்புகளும் செய்கின்றன. ஐம்பதாயிரத்துக்குப் பழைய வரிசைக் கார்டு போட்ட மெஷினை விட, கார்டே இல்லாத சாதாரண இன்டெல் மெஷினில் டைம்லைன் சீராக ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே டெஸ்க்டாப் கட்டும்போது செயலிப் பெயரின் முடிவில் F என்ற எழுத்து இருந்தால் தவிருங்கள். அதில் உள் கிராபிக்ஸ் இருக்காது. கடைக்காரர் ஆயிரம் ரூபாய் குறைவு என்று அதையே எடுத்துக் கொடுப்பார். விண்டோஸில் ரிசால்வ் இந்த உள் கிராபிக்ஸைப் பயன்படுத்தி 4:2:2 பதிவைப் படிக்க ஸ்டுடியோ பதிப்பு வேண்டும், இலவசப் பதிப்பில் பிராக்சிதான் வழி. இரைச்சல் நீக்கம், நிறத் திருத்தம் நிறைய செய்பவருக்கு கிராபிக்ஸ் கார்டு உண்மையிலேயே உதவும். உங்கள் நோட்டில் எந்த வேலைக்கு அதிகம் காத்திருந்தீர்கள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். கேமரா எந்த வடிவில் எழுதுகிறது என்று தெரியாவிட்டால், ஒரு கிளிப்பை மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்தால் 4:2:0-வா 4:2:2-வா என்று காட்டிவிடும்.

மார்ச் மாசம் முடியுறதுக்குள்ள வாங்கினா வரி மிச்சம்னு சொல்லுதாங்க. உண்மையா?

நம்மில் பெரும்பாலானவர்களுக்கு மிச்சமாக வரியே இல்லை. புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டு முதல் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடியால் வருமான வரி வருவதில்லை. அதற்குள் இருப்பவர் வரிக்காக அவசரப்பட்டு வாங்குவதில் ஒரு பயனும் இல்லை. வரவில் ஒரு பங்கை லாபமாகக் காட்டும் அனுமான முறையில் கணக்கு தாக்கல் செய்பவருக்கும் அப்படியே. லேப்டாப் செலவு அந்தப் பங்குக்குள்ளேயே அடங்கிவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், தனியாகக் கழிக்க முடியாது.

முழுக் கணக்கு எழுதி வரி கட்டுபவர் கம்ப்யூட்டருக்கும் மென்பொருளுக்கும் ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம். ஆனால் அந்த ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதிதான். எண்பதாயிரத்துக்கு மார்ச் 20-இல் வாங்கினால் அந்த ஆண்டுக் கழிவு பதினாறாயிரம். ஜிஎஸ்டியையும் கேட்கிறார்கள்: சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் கீழே இருந்து பதிவு செய்யாதவருக்கு, பில்லில் உள்ள 18 சதவீதம் திரும்ப வராது. அதையும் விலையாகவே நினைத்து ஒப்பிடுங்கள்.

ஒரு பெரிய ஸ்டுடியோ ஆறு மாசத்துக்கு மொத்த வேலையும் தரேன்னு சொல்லுது. அதுக்காக ரெண்டு லட்சத்துக்கு மெஷின் கட்டலாமா?

பணம் கைக்கு வருவதற்கு முன் கட்டாதீர்கள். ஒரு ஸ்டுடியோ இப்படிச் சொன்னதை நம்பி நான் கட்டினேன். இரண்டு கல்யாணம் வந்தது, பிறகு அவர்கள் சொந்தமாக ஆள் வைத்துக்கொண்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, எழுத்தில் நான் எதையும் கேட்டு வாங்கவில்லை. மெஷினை விற்றபோது பாதி விலைகூடக் கிடைக்கவில்லை.

இப்போது நான் செய்வது இது. முதல் மாத வேலையை இருக்கும் மெஷினிலேயே பிராக்சி வைத்துச் செய்கிறேன். போதாதபோது தெரிந்த எடிட்டரிடம் அவர் மெஷின் சும்மா இருக்கும் இரவு நேரத்தை வாடகைக்குக் கேட்கிறேன். இரண்டாம் மாதப் பணமும் நாளுக்கு வந்துவிட்டால், மூன்றாம் மாதத்துக்கு முன்பணம் கேட்கிறேன். முன்பணம் தந்தால் அதையும் தனிக் கணக்கையும் சேர்த்து வாங்க முடிகிற மெஷினைக் கட்டுகிறேன், அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட இல்லை. முன்பணம் தர மனமில்லாதவர் என்றால், பழைய மெஷினில் எத்தனை கல்யாணம் முடியுமோ அத்தனைக்கு மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.